மளிகைக் கடைக்கு பில்லிங், ஸ்டாக் ஆப்: நோட்டை மூடும் முன் எதைச் சோதித்துப் பார்ப்பது?

மகேஷ் (சங்கரன்கோவில்)

எங்களுக்குச் சங்கரன்கோவில் பக்கம் ஒரு மளிகைக் கடை. அப்பா ஆரம்பத்திலிருந்து நோட்டில்தான் ஓட்டுகிறார். கொள்முதலுக்கு ஒரு பேரேடு, பற்று வரவுக்கு ஒரு நீள நோட்டு, கல்லாவுக்கு ஒரு சிட்டை. ஏறத்தாழ 900 ஐட்டம் இருக்கும். பாதி கம்பெனி பாக்கெட், மீதி மூட்டையிலிருந்து நிறுத்துக் கொடுப்பது. மாதக் கடன் வைத்திருக்கும் வீடுகள் 60 இருக்கும். ஜிஎஸ்டியில் காம்போசிஷன்.

ஏப்ரல் 1 முதல் ஆப்புக்கு மாறலாம் என்று நினைக்கிறேன். நான்கைந்து ஆப்பை ட்ரையலில் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பில் அழகாக வருகிறது, டெமோ காட்டுபவர் எதைக் கேட்டாலும் "இருக்கு சார்" என்கிறார். அப்புறம் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? அப்பா ஒன்றுதான் சொல்கிறார்: "பருப்பு எவ்வளவு இருக்குன்னு அது சரியா சொல்லட்டும், நான் நோட்டை விட்டுடறேன்."

இளங்கோ77

தம்பி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 2023 ஏப்ரலிலிருந்து திருத்தினால் தடம் பதிவாகும் மென்பொருளில்தான் கணக்கு வைக்க வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. நோட்டு இனி செல்லாது. டேலி வாங்கிப் போடுங்கள். ஒவ்வொரு பில்லிலும் ஜிஎஸ்டி எவ்வளவு என்று தனியாக அச்சாகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், போதும்.

செல்வி_ஸ்டோர்ஸ்

நான் ஸ்பீக்கர் பெட்டி வைத்திருக்கிறேன், பணம் வந்ததும் சத்தமாகச் சொல்லிவிடும். மாத வாடகை கொஞ்சம்தான். உங்கள் கடைக்கு அதுவே போதாதா?

பார்த்திபன் (மதுரை, கடைக் கணக்கு)

செல்வி அக்கா, அது பணம் வந்ததைச் சொல்லும் பெட்டி. எந்தச் சரக்கு போனது என்று அதற்குத் தெரியாது. மகேஷ் கேட்பது சரக்குக் கணக்கு.

இளங்கோ சார், திருத்தத் தடம் விதி 2023 ஏப்ரல் 1 முதல் இருப்பது உண்மை. ஆனால் அது கம்பெனிச் சட்டத்தின்படி பதிவான கம்பெனிகளுக்கு. அப்பா பெயரில் நடக்கும் தனிக் கடையை அது கட்டாது. நோட்டும் செல்லும். ஆனால் தடம் காட்டும் ஆப் இருந்தால் நல்லது. கல்லாவில் வேலை ஆள் உட்காரும் கடையில் அழித்த பில்லைப் பார்க்க அதுதான் வழி.

பில்லில் ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டச் சொன்னீர்களே, அது மகேஷுக்குத் தப்பாகப் போகும். காம்போசிஷன் கடை வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது. கொடுப்பது வரி இன்வாய்ஸ் இல்லை, பில் ஆஃப் சப்ளை. காம்போசிஷன் வரிதாரர், வரி வசூலிக்கத் தகுதியில்லாதவர் என்ற வாசகம் அதன் தலையில் இருக்க வேண்டும். அமைப்பில் காம்போசிஷன் என்று மாற்றியதும் ஆப் இதைத் தானாகச் செய்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். இன்னொன்று, வியாபாரிக்கு அந்த 1 சதவீதம் வரியுள்ள சரக்கின் விற்பனைக்கு மட்டும்தான். லூஸ் அரிசி, லூஸ் பருப்பு வரியில்லாதவை. அவற்றைத் தனியாகப் பிரித்துக் காட்டும் அறிக்கை இல்லை என்றால் மொத்த விற்பனைக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அப்பா பருப்பைச் சொன்னார் அல்லவா, அதுதான் சரியான சோதனை. டெமோவில் சோப்பும் பிஸ்கட்டும்தான் காட்டுவார்கள், அதில் எந்த ஆப்பும் தோற்காது. நீங்கள் ஒரு மூட்டை துவரம் பருப்பை உள்ளே ஏற்றிக் கடைசிக் கிலோ வரை விற்றுப் பாருங்கள். இப்படி:

50 கிலோ மூட்டை 5,500 ரூபாய்க்கு வாங்கியதாகப் பதியுங்கள். கையிருப்பு 50 கிலோ, அடக்கம் கிலோ 110 என்று காட்ட வேண்டும். அப்புறம் 26 கிலோ அரிசி மூட்டை ஒன்றைப் பதியுங்கள். சில ஆப்பில் ஒரு மூட்டைக்கு இத்தனை கிலோ என்பதை ஒரே ஒருமுறைதான் சொல்ல முடியும். பருப்புக்கு 50 என்று சொல்லிவிட்டால் அரிசிக்கும் 50 எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு ஐட்டத்துக்கும் தனித்தனியாக மாற்றுக் கணக்கு வைக்க முடிய வேண்டும். எண்ணெயிலும் இதே வம்பு. 15 கிலோ டின்னில் வாங்கி லிட்டரில் விற்றால் ஏறத்தாழ 16.4 லிட்டர் வரும். 15 என்று போட்டு வைத்தால் ஒவ்வொரு டின்னிலும் கையிருப்பு மைனஸுக்குப் போகும்.

கடைசியாக, கிலோ 128 என்று விலை வைத்துக்கொண்டு "20 ரூபாய்க்குப் பருப்பு" என்று ஒரு பில் போடுங்கள். தொகையை அடித்தால் எடையை அதுவே கணக்கிட வேண்டும். எடை என்ன காட்டுகிறது என்று இங்கே எழுதுங்கள்.

வேல்முருகன் (ஈரோடு, ஜவுளி)

எங்கள் பக்கம் பிரச்சினையே வேறு. ஒரே சட்டைக்கு ஐந்து சைஸ், நான்கு நிறம். சைஸ் வாரியாக ஸ்டாக் வைக்காத ஆப்பை எடுத்துவிட்டு ஒரு வருடம் அவதிப்பட்டோம். பார்கோடு ஸ்டிக்கர் அச்சடிக்கும் பிரிண்டரும் அவசியம். மகேஷ் தம்பி அதையும் கேட்டு வையுங்கள்.

மகேஷ் (சங்கரன்கோவில்)

வேல்முருகன் அண்ணா, எங்களிடம் பாக்கெட்டில் பார்கோடு வந்துவிடுகிறது, லூஸுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை. அதனால் அது இப்போதைக்கு வேண்டாம்.

பார்த்திபன் சார், மூன்று ஆப்பில் செய்து பார்த்தேன். ஒன்றில் தொகையை அடிக்கவே வழியில்லை, எடையைத்தான் கேட்கிறது. இரண்டாவதில் 0.16 கிலோ வந்தது, பில் 20.48 ஆகி, ரவுண்ட் ஆஃப் போட்டு 20 என்று முடித்தது. மூன்றாவதில் 0.156 வந்தது. மூட்டைக் கணக்கில் இரண்டாவதும் மூன்றாவதும் தேறிவிட்டன. 0.16, 0.156 இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லையே, இரண்டாவதே பார்க்க எளிதாக இருக்கிறதே என்று நினைக்கிறேன்.

பார்த்திபன் (மதுரை, கடைக் கணக்கு)

இருக்கிறது, மகேஷ். 20 ரூபாய்க்கு உண்மையில் போவது 156.25 கிராம். இரண்டாவது ஆப் 160 கிராம் போனதாக எழுதுகிறது. ஒரு பில்லுக்கு 3.75 கிராம் கூடுதல். ஒரு நாளில் நாற்பது பேர் 20 ரூபாய்க்குக் கேட்டால் 150 கிராம், மாதத்துக்கு நாலரை கிலோ. ஒன்று கூடினால் இன்னொன்று குறைந்து சரியாகிவிடும் என்று நினைக்கத் தோன்றும். அதே விலை, அதே தொகை என்றால் பிழை எப்போதும் ஒரே பக்கம்தான் விழும். 10 ரூபாய்க்கு 78 கிராம் என்பதும் 80 என்றுதான் ஏறும்.

மாதக் கடைசியில் ஆப் சொல்வதைவிடச் சாக்கில் நாலரை கிலோ கூடுதலாக இருக்கும். அப்பா அதைப் பார்த்ததும் "இது தப்புக் கணக்கு" என்று நோட்டுக்குத் திரும்பிவிடுவார். அவர் சொல்வதும் சரியாக இருக்கும். இதே பிழை, தராசில் கை தாராளமாகப் போவதால் வரும் உண்மையான குறைவையும் மறைத்துவிடும். அதனால் கிலோவுக்கு மூன்று தசம இடம் கட்டாயம். சில ஆப்பில் அமைப்புக்குள் போய் மாற்றிக்கொள்ளலாம், இரண்டாவதில் அது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதையே எடுங்கள், கைக்கு எளிதாக இருப்பதும் முக்கியம்தான்.

மூட்டையைப் பிரித்து முன்கூட்டியே கால் கிலோ, அரை கிலோ கவர் கட்டி வைப்பீர்களா? அப்படியானால் கவர் ஒவ்வொன்றையும் தனி ஐட்டமாக வைக்காதீர்கள். வைத்தால் மூட்டையைப் பிரிக்கும் ஒவ்வொரு முறையும் ஆப்பில் மாற்றி எழுத வேண்டும், ஒரு வாரத்தில் யாரும் எழுத மாட்டார்கள். பருப்பு ஒரே ஐட்டம், கணக்கு கிலோவில். பில்லில் 0.250, 0.500 என்று அடித்தால் போதும். கால் கிலோவுக்கு 32 இல்லாமல் 33 வாங்குவீர்கள் என்றால், பில்லில் விலையை மாற்ற அனுமதிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராஜேஸ்வரி (பொள்ளாச்சி)

பாக்கெட்டிலும் ஆப் தோற்கும் சார். 2025 செப்டம்பர் 22 அன்று சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5க்கு இறங்கியது நினைவிருக்கும். பழைய எம்ஆர்பி போட்ட சரக்கும் புது எம்ஆர்பி சரக்கும் ஒரே அலமாரியில் நின்றன. பார்கோடு இரண்டுக்கும் ஒன்றுதான். எங்கள் ஆப்பில் ஒரு பார்கோடுக்கு ஒரு விலைதான் நிற்கும். புது விலையை மாற்றியதும் பழைய சரக்கின் கொள்முதல் விலை, லாபம் எல்லாம் கலைந்துவிட்டது. இப்போது வேறு ஆப்பில் இருக்கிறேன். அதில் ஸ்கேன் செய்தால் இரண்டு எம்ஆர்பியையும் காட்டி எது என்று கேட்கிறது.

மகேஷ், ஒரே சோப்பை இரண்டு எம்ஆர்பியில் இரண்டு கொள்முதலாகப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வரி விகிதத்தையும் ஒருமுறை மாற்றிவிட்டுப் பழைய பில்லைத் திறந்து பாருங்கள். பழைய பில்லிலும் புது விகிதம் ஏறியிருந்தால் அந்த ஆப் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் கடன் நோட்டு. இதை யாரும் சொல்லவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் ஒரு கடையில் பழைய பாக்கியை எல்லாம் "பழைய பாக்கி" என்று ஓர் ஐட்டம் உண்டாக்கி, ஒவ்வொரு வீட்டுக்கும் பில்லாகப் போட்டு ஏற்றினார்கள். போன வருடம் விற்றது முழுக்க இந்த வருட விற்பனையாக ஒருமுறை கூடிப்போனது. ஆடிட்டர் பார்த்து எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னார்.

பார்த்திபன் (மதுரை, கடைக் கணக்கு)

ராஜேஸ்வரி அக்கா சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள் மகேஷ். நல்ல ஆப்பில் வாடிக்கையாளரின் பெயரைப் பதியும்போதே ஆரம்ப பாக்கி என்று ஓர் இடம் இருக்கும். தேதியோடு தொகையை அங்கே போட்டால் அது விற்பனையில் சேராது, வர வேண்டிய பணமாக மட்டும் நிற்கும். சோதனை எளிது: ஒரு பெயரில் 1,850 ஆரம்ப பாக்கி போடுங்கள், 500 வரவு வையுங்கள், 320க்கு ஒரு கடன் பில் போடுங்கள். பாக்கி 1,670 வர வேண்டும், அன்றைய விற்பனை 320 மட்டுமே காட்ட வேண்டும், கல்லாவில் 500 ஏற வேண்டும். இந்த மூன்றும் பொருந்தினால் கடன் பகுதி தேறியது.

காம்போசிஷனுக்கு இன்னொரு பொறி உண்டு. கொள்முதலில் நீங்கள் கட்டிய வரி திரும்பக் கிடைக்காது, அதனால் அது அடக்க விலையில் சேர வேண்டும். 100 ரூபாய் சரக்குக்கு 5 ரூபாய் வரி என்றால் அடக்கம் 105. சாதாரண ஜிஎஸ்டிக்கு எழுதிய ஆப் 100 என்று வைத்துக்கொண்டு லாபத்தை 5 ரூபாய் கூட்டிக் காட்டும்.

இளங்கோ77

கம்பெனி விதி பற்றிச் சொன்னது சரி, பார்த்துவிட்டேன். ஆனால் கடன் நோட்டை ஏன் கடைசி வரை பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்? ஆப்பில் பில் போட்டதும் வாடிக்கையாளர் போனுக்கு மெசேஜ் போய்விடும். அதைவிட நல்ல சான்று எது?

ராஜேஸ்வரி (பொள்ளாச்சி)

அந்த மெசேஜ்தான் பயம் சார். என் கடையில் பல பெண்கள் வீட்டுச் செலவுக்குக் கடன் வைப்பது கணவருக்கோ மாமியாருக்கோ தெரியாது. வீட்டில் இருக்கும் ஒரே போன் நம்பருக்கு "பாக்கி 2,140" என்று போனால் மறுநாள் அந்த அம்மா என் கடைக்கு வரமாட்டார். ஆப் வாங்கியதும் நான் முதலில் செய்தது தானாகப் போகும் மெசேஜை நிறுத்தியதுதான். கேட்பவர்களுக்கு மட்டும் அனுப்புகிறேன்.

இளங்கோ77

அதற்காக எல்லோருக்கும் நிறுத்துவதா? பத்து பேர் சொல்லாமல் வைப்பதற்காக மீதி ஐம்பது பேரிடம் வாக்குவாதம் வரும். நான் எல்லோருக்கும் அனுப்பத்தான் சொல்வேன்.

பார்த்திபன் (மதுரை, கடைக் கணக்கு)

இதில் எனக்கும் ஒரே பதில் இல்லை. ஆனால் சான்று என்று பார்த்தால், கடன்காரர் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்ட நோட்டுப் பக்கத்துக்குத் தனி மதிப்பு உண்டு. மூன்று வருடக் காலக்கெடு முடிவதற்குள் அப்படி எழுத்தில் ஒப்புக்கொண்டால் அந்தத் தேதியிலிருந்து கெடு மறுபடி தொடங்கும். மாறும் நாளில் ஒவ்வொரு வீட்டுக்கும் பாக்கியைச் சொல்லி, நோட்டில் அந்தத் தொகைக்குக் கீழே ஒரு கையெழுத்து வாங்கிவிட்டு அதையே ஆப்பில் ஏற்றுங்கள். பின்னால் "நோட்டில் வேறு இருந்தது" என்ற பேச்சு வராது.

அமீர் (தேனி)

இரண்டு கவுன்டர் கடை நடத்துகிறேன். மூன்று விஷயம் மட்டும் சொல்கிறேன், மற்றதெல்லாம் மேலே வந்துவிட்டது.

போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு ஐந்து பில் போடுங்கள். இரண்டு போனில் கடை நடத்தப் போகிறீர்கள் என்றால் இரண்டையும் அப்படிப் போட்டு, ஒரே நேரத்தில் பில் போட்டுவிட்டு இணையத்தை விடுங்கள். இரண்டும் ஒரே பில் எண்ணை எடுத்திருந்தால் ஆபத்து. ஒரு நிதியாண்டுக்குள் பில் எண் திரும்ப வரக்கூடாது. ஒரு போனுக்கு A, இன்னொன்றுக்கு B என்று முன்னெழுத்து வைக்க முடிந்தால் இந்தச் சிக்கல் தீரும்.

அடுத்தது பிரிண்டர். இரண்டு இன்ச் தெர்மல் பிரிண்டரில் தமிழ் எழுத்து உள்ளுக்குள் இருக்காது. ஆப் எழுத்தாக அனுப்பினால் கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ வரும். படமாக மாற்றி அனுப்பும் ஆப்பில்தான் "கடலைப்பருப்பு" என்று அச்சாகும், கொஞ்சம் மெதுவாக வரும். ஒரு வரியில் 32 ஆங்கில எழுத்துதான் பிடிக்கும், தமிழ்ப் பெயர் நீளமாக இருந்தால் விலை கீழே போய்விடும். கடையில் நிற்கும் கூட்டத்தோடு பொருந்துமா என்று உங்கள் பிரிண்டரிலேயே பாருங்கள், அவர்களின் டெமோ பிரிண்டரில் வேண்டாம்.

மூன்றாவது, வெளியே எடுப்பது. ஐட்டம் பட்டியல், கையிருப்பு, வாடிக்கையாளர் பாக்கி, பில்கள் எல்லாம் எக்செல்லில் இறங்க வேண்டும். பிடிஎஃப் மட்டும் தருகிறது என்றால் நாளைக்கு வேறு ஆப்புக்குப் போகும்போது 900 ஐட்டத்தையும் மறுபடி கையால் அடிக்க வேண்டும். சந்தா முடிந்த பிறகு பழைய பில்லைப் பார்க்க முடியுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்குச் சந்தா முடிந்த அன்றே திரை பூட்டிக்கொண்டது, பாக்கிப் பட்டியலை எடுக்கவே மறுபடி ஒரு வருடச் சந்தா கட்டினார்.

மகேஷ் (சங்கரன்கோவில்)

இரண்டாவது ஆப்பில் தசம இடத்தை மூன்றாக்க அமைப்பு இருக்கிறது. மாற்றியதும் 0.156 வந்துவிட்டது. 1,850 சோதனையும் தேறியது. இரண்டு எம்ஆர்பி கேட்கிறது. எக்செல்லில் பாக்கி இறங்குகிறது, பில்கள் மட்டும் மாதம் மாதமாகத்தான் இறங்குகின்றன. மெசேஜை நிறுத்திவிட்டேன், அம்மாவும் ராஜேஸ்வரி அக்கா சொன்னதையேதான் சொன்னார். தமிழ் அச்சு வருகிறது, ஆனால் மெதுவாக. அதை எடுக்கலாம் என்று இருக்கிறேன்.

இப்போது மலைப்பாக இருப்பது சரக்கு எண்ணுவது. 900 ஐட்டத்தையும் மார்ச் 31 இரவே எண்ணி முடிக்க முடியுமா?

பார்த்திபன் (மதுரை, கடைக் கணக்கு)

முடியாது, முயற்சியும் செய்யாதீர்கள். தூக்கக் கலக்கத்தில் எண்ணும் ஆரம்ப இருப்புதான் பாதிக் கடைகளில் ஆப்பைக் கவிழ்க்கிறது.

ஏப்ரல் 1லிருந்து எல்லாவற்றுக்கும் பில் ஆப்பில் போடுங்கள். கையிருப்புக் கணக்கை மட்டும் ஒரு 100, 150 ஐட்டத்துக்குத் தொடங்குங்கள். பணம் அதிகம் முடங்கும் சரக்கு எதுவோ அது: அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை, வேகமாக ஓடும் சோப்பு, பவுடர். மற்றவற்றுக்கு கையிருப்பு பார்ப்பதை அணைத்து வையுங்கள், இல்லையென்றால் மைனஸ் மைனஸாகத் திரை நிறைந்து எது உண்மை என்றே தெரியாது. அப்புறம் வாரம் ஓர் அலமாரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணும்போது ஒருவர் எண்ணட்டும், இன்னொருவர் எழுதட்டும். ஆப்பில் இருக்கும் எண்ணைப் பார்த்துக்கொண்டு எண்ண வேண்டாம், கை தானாக அந்த எண்ணுக்கே போய் நிற்கும். சாக்கைத் தராசில் வையுங்கள், கண் மதிப்பு கூடாது. பிரிக்காத மூட்டையிலும் சாக்கின் எடையைக் கழிக்க வேண்டும்.

நோட்டை ஒரே நாளில் மூடாதீர்கள். கல்லாச் சிட்டைதான் முதலில் போகும். இரவு ஆப் சொல்லும் ரொக்கமும் பெட்டியில் இருக்கும் பணமும், யுபிஐயில் வந்ததும் வங்கியில் ஏறியதும் தொடர்ந்து இரண்டு வாரம் பொருந்தினால் சிட்டை வேண்டாம். அடுத்து கொள்முதல் பேரேடு: ஒரு மாதத்தின் சப்ளையர் பில்களை எடுத்து ஒவ்வொன்றும் ஆப்பில் இருக்கிறதா என்று டிக் அடியுங்கள். இலவசமாக வந்த பாக்கெட்டைப் பதிந்திருக்கிறார்களா என்று குறிப்பாகப் பாருங்கள், 12 வாங்கினால் 1 இலவசம் என்பதில் 13 ஏறியிருக்க வேண்டும். கடன் நோட்டு கடைசி. ஒரு முழு மாதச் சம்பளத் தேதி கடந்து, வீடுகள் வந்து பாக்கி கட்டி, எந்த வாக்குவாதமும் இல்லாமல் முடிந்தால்தான் அதை மூடலாம்.

ஸ்டாக் சரியா என்று எப்படித் தெரியும் என்றால், வாரம் பத்து ஐட்டத்தைச் சொல்லாமல் எண்ணுங்கள். பாக்கெட் ஐட்டத்தில் வித்தியாசம் வரவே கூடாது. வந்தால் பில் போடாமல் போகிறது அல்லது கொள்முதல் இருமுறை ஏறியிருக்கிறது. லூஸில் மூட்டைக்குக் கொஞ்சம் குறையும், அதைச் சேதாரம் என்று தனியாகப் பதிந்துவிடுங்கள். ஆப்பைவிடச் சாக்கில் கூடுதலாக இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். ஏதோ அளவுக் கணக்கு தப்பாக ஏறியிருக்கிறது என்று பொருள்.

மூடிய நோட்டுகளைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிடாதீர்கள். ஜிஎஸ்டிக்கு ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்க வேண்டும். தெர்மல் பேப்பரில் வந்த சப்ளையர் பில்களைப் போட்டோ எடுத்து வையுங்கள், அவை அதற்குள் வெளுத்துவிடும்.

மகேஷ் (சங்கரன்கோவில்)

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கடன் நோட்டு கடைசி என்றதும் சரி என்றார். ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. முன்கூட்டியே கட்டி வைக்கும் கால் கிலோ கவரை லூஸ் என்று வரியில்லாமல் போடலாமா, பாக்கெட் என்று வரியுள்ள சரக்கின் கணக்கில் காட்ட வேண்டுமா?

அமீர் (தேனி)

நாங்கள் லூஸ் என்றுதான் போடுகிறோம். கவரில் பெயர், லேபிள் எதுவும் இல்லை.

பார்த்திபன் (மதுரை, கடைக் கணக்கு)

லேபிள் இல்லை என்பதோடு அது முடிவதில்லை, அமீர். 2022 ஜூலை 18 முதல் வந்த விதி முன்கூட்டியே பொதிந்து, எடையளவுச் சட்டப்படி விவரம் அச்சிட வேண்டிய பாக்கெட்டைப் பிடிக்கிறது. வாங்குபவர் வரும் முன்பே குறித்த எடையில் கட்டி வைத்த கவர் அதற்குள் வரும் என்று சொல்லும் ஆடிட்டர்களும் இருக்கிறார்கள், கடையில் பிரித்துக் கட்டுவது வராது என்பவர்களும் இருக்கிறார்கள். மகேஷ், உங்கள் ஆடிட்டரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு அதன்படி ஐட்டத்தைப் பதியுங்கள். அதுவரை எதிரில் நிறுத்துக் கொடுக்கும் பருப்பை மட்டும் வரியில்லாத ஐட்டமாக வைத்து, கவர் கட்டியதைத் தனியாகப் பதிந்து வையுங்கள். கவருக்குத் தனி ஐட்டம் வேண்டாம் என்று மேலே சொன்னேன், இந்த ஒரு காரணத்துக்காக அதை மாற்ற வேண்டி வரலாம்.

மகேஷ் (சங்கரன்கோவில்)

திங்கட்கிழமை ஆடிட்டரைப் பார்க்கிறேன். அவர் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.